ஒன்லைனிலிருந்து ஐந்து நிமிட அனிமேஷன் படம்: முன்னாலிருந்து போவதா, பின்னாலிருந்து வருவதா?

என்னிடம் இருந்த ஒன்லைன் இதுதான்: "இறந்துபோன வாடிக்கையாளரின் சட்டைகளை அவர் மனைவியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறார் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்." யாரிடம் சொன்னாலும் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு "நல்லா இருக்கே" என்றார்கள். அந்த ஒரு நொடியை நம்பி நேராக ஸ்டோரிபோர்டு வரைய உட்கார்ந்தேன், ஆறாவது கட்டத்தில் கை நின்றுவிட்டது. அவர் போகிறார், கதவைத் தட்டுகிறார், சட்டையைக் கொடுக்கிறார். அவ்வளவுதான். இதில் சூழ்நிலை இருக்கிறது, கதை இன்னும் வரவில்லை.

இந்த ஒரு வரியை மூன்று அங்கமாக விரிக்க மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தேன். நேரத்தை முதலில் பிரித்துவிட்டு நிரப்புவது ஒன்று. முதல் காட்சியிலிருந்து "ஆனால்", "அதனால்" என்று கோத்துக்கொண்டே போவது இன்னொன்று. கடைசிக் காட்சியை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பின்னோக்கி வருவது மூன்றாவது. மூன்றுக்கும் அதே ஒன்லைன்தான். ஒவ்வொன்றும் என்ன கொடுத்தது, எங்கே கவிழ்த்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 5 நிமிடம் என்றால் 300 விநாடி. தலைப்புக்கும் கடைசியில் ஓடும் பெயர்களுக்கும் 30 விநாடி போனால் கதைக்கு மிஞ்சுவது 270. விநாடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்குப் பிடித்து வைக்கிறோம் என்றாலும் கையால் வரைகிற படத்தில் 3,240 ஓவியங்கள். கதைச் சுருக்கத்தில் "அப்புறம் தெருவில் பசங்கள் விளையாடுகிறார்கள்" என்று ஒரு வரி சும்மா எழுதிவிட்டால் அது 20 விநாடி, அதாவது 240 ஓவியம். நான் ஒரு நாளைக்கு ஒழுங்காக முடிப்பது 12. ஆக அந்த ஒரு வரி என் வாழ்க்கையில் 20 நாள். நடிகர்களை வைத்து எடுக்கிற குறும்படத்தில் கூடுதலாக நாலு ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம், இங்கே அந்த வசதி கிடையாது. கதைச் சுருக்கத்திலேயே வெட்டியாக வேண்டும். அதனால்தான் எந்த வழியில் விரிக்கிறோம் என்பதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

சரி, முதல் வழி. 1979-இல் அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் சிட் ஃபீல்டு எழுதிப் பரவலான கணக்கு எல்லாருக்கும் தெரியும்: 120 பக்கத் திரைக்கதையில் முதல் அங்கம் 30, நடு அங்கம் 60, கடைசி 30. கால், அரை, கால். அதை அப்படியே 270 விநாடிக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 68, 135, 67. மூன்று பெட்டி போட்டு, மேலே விநாடி எழுதி, நிரப்ப ஆரம்பித்தேன். முதல் பெட்டியில் விடிகாலைத் தெரு, கரி மூட்டுவது, வண்டிக்காரர், வாடிக்கையாளர் வந்து மூட்டையைக் கொடுத்து அரட்டை அடிப்பது, மறுநாள் சுவரில் அவர் முகம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுப் பெட்டியில் வண்டிக்காரர் சட்டைகளோடு கிளம்புகிறார், அடுக்குமாடிக் காவலாளி தடுக்கிறார், நாய் துரத்துகிறது, லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்றாம் மாடிப் படியில் மூட்டை அவிழ்ந்து விழுகிறது. கடைசிப் பெட்டியில் கதவு திறக்கிறது, மனைவி சட்டையை வாங்கிக்கொண்டு அழுகிறாள்.

பெட்டிகள் நிரம்பிவிட்டன, ஒரு சாயங்காலத்தில் முடிந்தது, பார்ப்பதற்குத் திரைக்கதை மாதிரியே இருந்தது. அதுதான் இந்த வழியின் ஆபத்து. நடுப் பெட்டியில் 135 விநாடி காலியாக இருந்ததால் அதை நிரப்பத் தடைகள் தேவைப்பட்டன, கைக்குக் கிடைத்த தடைகளை எல்லாம் போட்டேன். நாயை எடுத்துவிட்டுப் படித்தேன், கதை அசையவில்லை. லிஃப்டை எடுத்தேன், அப்போதும் அசையவில்லை. காவலாளியையும் நாயையும் இடம் மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடவில்லை. நடு அங்கத்தில் ஒரு நிகழ்ச்சியை உருவினால் அடுத்தது விழ வேண்டும், விழவில்லை என்றால் அது திணிப்புப் பஞ்சு. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: நாயும் லிஃப்டும் யாரை வேண்டுமானாலும் தடுக்கும், கூரியர் பையனையும் தடுக்கும். இவர் இஸ்திரிக்காரர் என்பதற்கும் அந்தத் தடைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செலவைப் பார்த்தால் தெரு, வாசல், படிக்கட்டு, நடை, வீடு என்று ஐந்து பேக்கிரவுண்ட். நாய்க்கு நாலு கால் நடை வேறு வரைய வேண்டும், நாலு கால் நடையை ஒரு தடவை வரைந்தவர்கள் கதையில் நாய் வைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

முதல் அங்கத்திலும் ஒரு பிசகு தெரிந்தது. இரண்டு மணி நேரப் படத்தில் முதல் அரை மணியை அறிமுகத்துக்கு எடுத்துக்கொண்டால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதே விகிதத்தை இங்கே வைத்தால், 68-ஆம் விநாடிவரை வெறும் அறிமுகம். என் கணிப்பில் ஐந்து நிமிடப் படத்தில் பிரச்சினை 40 விநாடிக்குள் தலையைக் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர் கைபேசியில் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார். விகிதம் சுருங்கும், பொறுமை அதே விகிதத்தில் சுருங்காது.

நேரத்தை முதலில் பிரிப்பது எப்போது சரி என்றால், நேரம் ஏற்கெனவே உறைந்துவிட்டபோது. கையில் நாலரை நிமிடப் பாட்டு இருக்கிறது, அதற்குப் படம் வேண்டும், அல்லது பின்னணிக் குரல் பதிவாகிவிட்டது என்றால் வேறு வழியில்லை, பல்லவி எங்கே முடிகிறதோ அங்கே உங்கள் அங்கமும் முடிந்தாக வேண்டும். அந்த மாதிரி வேலைக்கு இதையே எடுங்கள். மற்ற வேலைக்கு இது முதல் படி ஆகாது.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்த வழி, அதிகம் ஏமாந்ததும் இதில்தான். அமெரிக்க கார்ட்டூன் எழுத்தாளர்கள் டிரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விதி பிரபலம்: இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே "அப்புறம்" வந்தால் கதை கெட்டது, "ஆனால்" அல்லது "அதனால்" வர வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது நாம் "அப்புறம்?" என்று கேட்டோமே, அது கேட்பவர் வாயில் வந்தால் கதை ஓடுகிறது என்று அர்த்தம். எழுதுகிறவர் வாயில் வந்தால் கதை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கோத்துப் பார்த்தேன். சுவரில் போஸ்டரைப் பார்க்கிறார். அதனால் வண்டியில் கிடக்கும் அவருடைய சட்டைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஆனால் கதவைத் திறந்த மனைவி ஒன்றுமே நடக்காத மாதிரி சட்டைகளை வாங்கிக்கொண்டு அடுத்த மூட்டையைக் கையில் கொடுக்கிறாள், அதில் கணவர் சட்டைகளும் இருக்கின்றன. அதனால் சொல்ல முடியாமல் வாங்கி வருகிறார். ஆனால் அடுத்த வாரமும் அதே சட்டைகள், உடுத்தவே இல்லை, துவைத்து மட்டும் வந்திருக்கின்றன.

இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாயையும் லிஃப்டையும் வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு, "ஆனால்" என்று ஒரு வார்த்தை போட்டதும் அந்த மனைவி ஒரு ஆளாக எழுந்து வந்துவிட்டாள். சங்கிலி வழியின் பலம் அதுதான், உங்களுக்கே தெரியாத ஒன்றை அது வெளியே இழுக்கும். நடு அங்கத்தில் திணிப்பு வராது, ஏனென்றால் ஒரு கண்ணியை எடுத்தால் மற்றது தொங்கும்.

ஆனால் (பாருங்கள், எனக்கும் வருகிறது) சங்கிலிக்கு நிற்கத் தெரியாது. அதனால் இவர் காசு வாங்க மறுக்கிறார். ஆனால் அவள் கோபப்படுகிறாள். அதனால் இவர் சட்டையை ஒளித்து வைக்கிறார். ஆனால் வெளிநாட்டிலிருந்து மகன் வந்துவிடுகிறான். எங்கிருந்து வந்தான்? ஒன்பதாவது கண்ணியில் எனக்கு வேறு எதுவும் தோன்றாததால் வந்தான். ஒவ்வொரு "ஆனால்"க்கும் புது ஆள் ஒருவர் கதவைத் தட்டத் தொடங்கினால் சங்கிலி கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம், அந்தத் தடை கதைக்குள்ளிருந்து வரவில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் தோராயமாக விநாடி போட்டுக் கூட்டியபோது எட்டரை நிமிடம் வந்தது. அதை ஐந்துக்கு வெட்டவும் முடியவில்லை, எந்தக் கண்ணியை எடுத்தாலும் மற்றது தொங்குகிறதே. பலம் என்று சொன்னேனே, அதுவே வினையாக நின்றது.

சங்கிலி வழிக்கு என்றே பிறந்த ஒன்லைன்கள் உண்டு. "பல்லி ஒன்று சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பிடிக்கப் பார்க்கிறது" என்று ஒரு வரி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கோத்துக்கொண்டே போகலாம். ஒரே ஆள், ஒரே ஆசை, ஒவ்வொரு முயற்சியும் தோற்று அடுத்ததைப் பெரிதாக்கும். எங்கே நிறுத்துவது என்ற கவலையும் இல்லை, நாலாவது முயற்சியில் கடிகாரம் கீழே விழுந்தால் படம் முடிந்தது. சிரிப்புப் படத்துக்கு இதுவே போதும். என் ஒன்லைன் அப்படிப்பட்டதாக இல்லை, அதில் உள்ளுக்குள் ஒருவர் மாற வேண்டும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் நான் எடுத்தது இதைத்தான்.

திரை இருட்டாவதற்கு முந்தைய 10 விநாடியில் என்ன படம் தெரிகிறது? வசனம் இல்லாமல், ஒரே ஓவியமாக. அதை மட்டும் முதலில் தேடினேன். மனைவி சட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பது முதலில் வந்தது. அதில் இஸ்திரிக்காரருக்கு வேலையே இல்லை, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தாலும் அவள் அழுவாள். அடுத்து, இஸ்திரிக்காரரே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று வந்தது, ஏதோ விளம்பரப் படம் மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். இப்படி ஏழெட்டு. பிறகு எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இந்த ஆள் செய்யவே மாட்டாத காரியம் எது? கசங்கிய துணியைத் தேய்க்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

அப்போது கிடைத்தது கடைசிப் படம். தேய்க்காத, கசங்கிய சட்டை ஒன்றை அவர் அவள் கையில் வைக்கிறார். அவள் விரல் சட்டைக் கையில் முழங்கை இருந்த இடத்தில் விழுந்திருக்கும் சுருக்கங்களைத் தடவுகிறது. அந்தச் சுருக்கம் இறந்த கணவரின் கை மடங்கி மடங்கி விழுந்தது. வீட்டில் இருக்கிற சட்டை எல்லாம் தேய்த்து மடித்தவை, அவர் உடம்பின் தடம் இருக்கிற ஒரே சட்டை இது.

கடைசி கிடைத்ததும் மற்றது கேள்வி பதிலாக வர ஆரம்பித்தது. இந்த ஓவியத்தைப் பார்த்துப் பார்ப்பவர் நெஞ்சு கனக்க வேண்டுமென்றால் அவருக்கு முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? மூன்றுதான். இந்த ஆளுக்கு ஒரு சுருக்கம்கூடப் பொறுக்காது. இறந்தவரின் முழங்கைச் சுருக்கத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். தேய்த்த சட்டை அந்த மனைவிக்கு உதவவில்லை. முதல் இரண்டும் முதல் அங்கத்துக்குப் போய்விட்டன, மூன்றாவது நடு அங்கத்தின் நடுமுதுகு ஆனது. நான் பிரிக்கவில்லை, அதுவாகப் பிரிந்தது.

முதல் அங்கம், 55 விநாடி. கரி மூட்டுகிறார், தேய்க்கிறார், வழியில் போகிறவர் சட்டைக் காலரைக்கூடக் கையால் நீவிவிடுகிறார். அந்த வாடிக்கையாளர் வருகிறார், ஐந்து சட்டை கொண்ட மூட்டையை வைக்கிறார், வண்டியின் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுகிறார். அந்த முழங்கைக்கு ஒரு அண்மைக் காட்சி. 35-ஆவது விநாடியில் போஸ்டர். வண்டிக்காரர் மூட்டையைப் பார்க்கிறார். அதில் அதிகம் கசங்கியதை, இறந்தவர் கடைசியாகப் போட்டிருந்ததை, எப்போதும் போலக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறார். இந்தப் பழக்கத்தைப் போஸ்டருக்கு முன்பே வேறு யாரோ ஒருவருடைய துணியில் ஒரு தடவை காட்டியிருப்போம், இல்லையென்றால் ஐந்தாவது சட்டை மட்டும் மிஞ்சுவது எழுதியவர் செய்த சூழ்ச்சி மாதிரித் தெரியும்.

நடு அங்கம், 145 விநாடி. நாலு சட்டைகளையும் வாழ்நாளில் தேய்க்காத மாதிரித் தேய்க்கிறார். ஐந்தாவதை எடுக்கும்போது கரி அணைந்துவிடுகிறது, அதனால் நாலோடு கிளம்புகிறார். அவள் வாங்குகிறாள், ஒன்றைப் பிரிக்கிறாள், சட்டைக் கையில் விரலால் எதையோ தேடுகிறாள், தகடு மாதிரி இருக்கிறது. இரண்டாவதைப் பிரிக்கிறாள். மூன்றாவது. கடைசியில் மெதுவாக மடித்து வைத்துவிட்டுக் காசைக் கொடுக்கிறாள். இவருக்குப் புரியவில்லை, வேலையில் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார். அதனால் ஐந்தாவதை இன்னும் நன்றாகத் தேய்க்கக் கரியை அள்ளிப் போடுகிறார், சட்டையை விரிக்கிறார், தெளிப்பதற்கு உள்ளங்கையில் தண்ணீர் எடுக்கிறார். ஆனால் வண்டி ஓரத்தில் விரிந்து கிடக்கிற சட்டைக் கை, முதல் அங்கத்தில் அந்த வாடிக்கையாளர் முழங்கை ஊன்றிய அதே இடத்தில், அதே கோணத்தில் இருக்கிறது.

கையில் தண்ணீர். தெளித்தால் போயிற்று. நடு அங்கம் அங்கே முடிகிறது.

மூன்றாம் அங்கம் 70 விநாடி. தண்ணீர் விரலிடுக்கில் சொட்டித் தரையில் விழுகிறது, இஸ்திரிப் பெட்டி தாங்கியில் திரும்பிப் போய் உட்காருகிறது, இதற்கு 20. நடந்து போவது 8. வாசலில் கொடுப்பது 12, தேய்க்காததைக் கொடுக்கும் கூச்சம் அவர் முகத்தில் தெரிய வேண்டும். அவள் விரல் 20. கடைசி ஓவியம் 10. ஆட்கள் மூன்று பேர், பேக்கிரவுண்ட் இரண்டே இரண்டு, வண்டியும் வீட்டு வாசலும். நடந்து போவதை வெறும் சுவருக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம். வசனம் தேவைப்படவில்லை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. முடிவு இவ்வளவு பிடித்துப்போனால் அதற்கு ஏற்றபடி ஆட்களைப் பிடித்து நடக்க வைப்போம், நூல் கட்டிய பொம்மை மாதிரி. என் முதல் வரைவில் ஐந்தாவது சட்டை வண்டிக்கு அடியில் விழுந்து தொலைந்து பிறகு கிடைத்தது. வசதியான தற்செயல். அதைக் கண்டுபிடித்தது எப்படி என்றால், பின்னோக்கி எழுதியதை எடுத்து முன்னோக்கிச் சங்கிலி வழியில் ஒருமுறை வாசித்தேன். எல்லா மூட்டிலும் "ஆனால்" அல்லது "அதனால்" உட்கார்ந்தது, அந்த ஒரு இடத்தில் மட்டும் "அப்புறம் ஒரு சட்டை விழுந்துவிடுகிறது" என்றுதான் சொல்ல முடிந்தது. அதை மாற்றித்தான் "கசங்கியதைக் கடைசிக்கு வைப்பார்" என்ற பழக்கம் வந்தது. இப்போது சட்டை மிஞ்சுவதற்குக் காரணம் அவருடைய குணம். கரி அணைவது தற்செயல்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அவருக்கு இடைஞ்சலாக வருகிற தற்செயலைப் பார்ப்பவர் மன்னிப்பார், உதவியாக வருவதைத்தான் மன்னிக்க மாட்டார்.

இன்னொரு பயம், முழுப் படமும் ஒரே ஒரு கண்ணியில் தொங்குகிறது: சட்டைக் கையில் உள்ள சுருக்கம் அந்த மனிதருடைய தடம் என்று வசனமில்லாமல் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் 3,240 ஓவியமும் வீண். அதனால் கதைச் சுருக்கத்தை முடிக்கும் முன்பே இரண்டு ஓவியம் மட்டும் வரைந்தேன், முழங்கை ஊன்றிய மனிதர் ஒன்று, ஆளில்லாத சட்டைக் கை ஒன்று. கதை தெரியாத மூன்று பேரிடம் அடுத்தடுத்துக் காட்டினேன். இரண்டு பேர் உடனே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் "ரெண்டாவதுல ஆள் எங்கே போனான்?" என்று கேட்டார், அதுவும் எனக்குப் போதுமானதாகவே பட்டது. சுருக்கக் கோடுகளை மட்டும் பிறகு தடிமனாக்கினேன்.

ஆக, உங்கள் ஒன்லைனில் யாரோ ஒருவர் கடைசியில் முன்பு செய்யாததைச் செய்ய வேண்டியிருந்தால் பின்னாலிருந்து வாருங்கள், துரத்தலும் விழுவதும் சிரிப்புமாக இருந்தால் கோத்துக்கொண்டே போங்கள், நேரம் வேறொருவர் கையில் இருந்தால் பெட்டி போட்டு நிரப்புங்கள். கலந்து செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம் என்பது என் கட்சி: முடிவைப் பிடித்துப் பின்னோக்கி எழுதுவது முதலில், சங்கிலியாக வாசித்துப் பார்ப்பது இரண்டாவது, கடிகாரம் கடைசியில். கடிகாரத்தை முதலில் எடுத்தால் நாய் வந்துவிடும்.

கதைச் சுருக்கத்தை வைத்து, ஸ்டோரிபோர்டு ஓவியங்களை நேரக் கணக்கோடு ஓடவிடும் அனிமேட்டிக் போட்டபோது கதை மட்டும் 4 நிமிடம் 52 விநாடி ஓடியது, 22 விநாடி அதிகம். கரி மூட்டும் காட்சியில் 14, மூன்றாம் அங்கத்து நடை முழுவதுமாக 8 என்று எடுத்தேன். வண்டியில் பெட்டி தாங்கியில் உட்காருகிறது, அடுத்த ஷாட்டில் நேராக வீட்டு வாசல். யாருமே நடையைத் தேடவில்லை.